பூக்காரம்மா ஏன் பத்து மணிக்கு வருகிறார்?

கே: ரோல்-பிளேயிங் கேம்களில் நாம் இயக்காத ஆட்கள்கூட காலையில் கடை திறந்து, இரவில் வீடு திரும்பிவிடுகிறார்களே, எப்படி? (தில்லைநகர் வாசகர்)

ப: எல்லாம் ஒரு பட்டியல்தான். 1988-இல் வந்த ‘அல்டிமா 5’ ஓர் ஆளின் முழு நாளையும் 16 பைட்டில் அடக்கிவிட்டது. மூன்று இடங்கள், நான்கு நேரங்கள், ஒவ்வோர் இடத்திலும் எப்படி நடந்துகொள்வது என்ற குறிப்பு, அவ்வளவே. நேரம் நான்கு, இடம் மூன்று என்றால் கணக்கு இடிக்கிறதா? நடு இடத்துக்கு மட்டும் ஆள் இரண்டு முறை போவார்.

கே: ஸ்ரீரங்கத்தை வைத்து ஒரு கேம் செய்கிறேன். அம்மா மண்டபத்தில் குளித்துவிட்டு ஆறு மணிக்குக் கிளம்பும் பூக்காரம்மா, ராஜகோபுரத்துக்குப் பத்து மணிக்குத்தான் வந்து சேர்கிறார். பட்டியலில் தப்பா? (ஸ்ரீரங்கம் வாசகர்)

ப: பட்டியல் சரி, கடிகாரம்தான் ஓடுகிறது. ‘ஸ்கைரிம்’ போல நீங்களும் நேரத்தை 20 மடங்கு வேகமாக வைத்திருப்பீர்கள். அதில் ஒரு முழு நாள் நமக்கு 72 நிமிடம்தான். ஆனால் கால்கள் நம் வேகத்தில்தான் நடக்கின்றன. ஏறக்குறைய ஒரு கிலோமீட்டருக்குப் பன்னிரண்டு நிமிடம் என்றால், கேமில் அது 240 நிமிடம், அதாவது நான்கு மணி நேரம். சத்திரம் பேருந்து நிலையத்திலிருந்து நடக்கவிட்டிருந்தால் ராத்திரி ஆகியிருக்கும்!

சந்தேகம் தீர ஒரு சோதனை: கோபுர வாசலில் நின்று, ‘காத்திரு’ வசதியால் நேரத்தை ஆறரைக்குத் தள்ளுங்கள். பூக்காரம்மா கூடையோடு அங்கே இருந்தால் பட்டியல் சரி, தூரம்தான் வில்லன். நேரம் தாவும்போது கேம் யாரையும் நடக்கவைப்பதில்லை, பட்டியலைப் பார்த்து அந்தந்த இடத்தில் நிறுத்திவிடுகிறது.

கடிகாரத்தைப் பாதி வேகமாக்கினாலும் எட்டு மணிக்குத்தான் வருவார். அதோடு, இரவுக் காட்சிக்காக ஆட்டக்காரர் இன்னும் நெடுநேரம் விழித்திருக்க வேண்டும். ஊரைச் சுருக்குவதே என் ஓட்டு. அந்தச் சாலையை நூறு மீட்டராக்கினால் கேம் நேரத்தில் 24 நிமிடம், ஆறரைக்குள் கடை விரித்துவிடலாம். பெரிய கேம்களின் நகரங்களில் பத்திருபது வீடுகளே இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

கே: வைகுண்ட ஏகாதசிக்கென்று தனிப் பட்டியல் எழுதினேன். அன்றைக்கும் அவர் வழக்கம்போல ஆறு மணிக்குத்தான் கிளம்புகிறார். பரமபத வாசல் விடியுமுன்னே திறந்துவிடுகிறதே! (அதே வாசகர்)

ப: விசேஷ நாள் பட்டியலை அடியில் போட்டிருப்பீர்கள். ஸ்கைரிம் முறையில் ஓர் ஆளுக்குப் பல பட்டியல்கள் அடுக்கடுக்காக இருக்கும். கேம் மேலிருந்து பார்த்து, நிபந்தனை பொருந்தும் முதல் பட்டியலோடு நின்றுவிடும். ‘தினமும் தூங்கு’ என்பது மேலே இருந்தால் அது ஏகாதசிக்கும் பொருந்துமே, கீழே யார் பார்ப்பார்கள்? ஏகாதசிப் பட்டியலை உச்சிக்கு ஏற்றுங்கள், தேதி நிபந்தனையையும் மறக்காமல் போடுங்கள். நிபந்தனை இல்லாவிட்டால் பூக்காரம்மாவுக்கு வருஷம் முழுக்க ஏகாதசிதான்.