வழிகாட்டி ஆசிரியர்

பிப்ரவரி 28 தேசிய அறிவியல் நாள். 1928-இல் அதே நாளில்தான் சி.வி. ராமன் தம் கண்டுபிடிப்பை அறிவித்தார். இதெல்லாம் ஊரில் எவருக்கு மறந்தாலும் பள்ளிக்குப் பக்கத்து ஸ்டேஷனரிக் கடைக்காரருக்கு மறக்காது. பிப்ரவரி பாதியிலேயே தெர்மகோல் கட்டுகளை வாசலுக்குக் கொண்டுவந்துவிடுவார். அறிவியல் சார் வருவார், கடன் சொல்வார் என்பது தெரியும்.

அறிவியல் மன்றத்தின் வழிகாட்டி ஆசிரியரை அவருடைய சட்டைப் பையை வைத்தே கண்டுபிடித்துவிடலாம். மற்ற ஆசிரியர்களுக்குப் பேனா இருக்கும் இடத்தில் இவருக்கு ரப்பர் பேண்டு, பழுதான டார்ச்சின் பல்பு, ஒரு முழம் பிளாஸ்டிக் குழாய். கல்யாண வீட்டில் பாயசம் பரிமாறும் நேரத்தில் அந்தக் காகிதக் கப்பையே உற்றுப் பார்ப்பவர் இவர்தான். மனைவிக்கு அப்போதே தெரிந்துவிடும், இரண்டு டஜன் கப் வீட்டுக்கு வரப்போகிறது என்று.

எரிமலை என்றால் இவருக்கு ஆகாது. சமையல் சோடாவில் வினிகரை ஊற்றி, கேசரிப் பவுடர் கலந்து பொங்கவைப்பதைப் பார்த்துக் கூட்டம் கைதட்டும். "பொங்குச்சு, சரி. ஏன் பொங்குச்சு?" என்று கேட்டால் மாடலுக்குப் பின்னால் நிற்கும் பையன் சார்ட்டைப் பார்ப்பான். ஆகவே எரிமலைக்கு ஓரத்து மேசைதான். நடுமேசை சிரிஞ்ச் ஜே.சி.பி.க்கு.

இந்த ஜே.சி.பி. பார்ப்பதற்குச் சுலபம். அட்டையில் ஒரு கை, ஊசியில்லாத இரண்டு புதிய சிரிஞ்ச், நடுவே குழாய், உள்ளே மை கலந்த தண்ணீர். இங்கே அழுத்தினால் அங்கே கை எழும். முதல்நாள் பிள்ளைகள் இரண்டு சிரிஞ்சிலும் தண்ணீரை முழுக்க நிரப்பிக் கொண்டுவந்து, "சார், நகரவே மாட்டேங்குது" என்பார்கள். நகராதுதான், ஒன்று நிறைந்திருந்தால் மற்றது காலியாக அழுத்தியிருக்க வேண்டும். மறுநாள் நகரும், ஆனால் சோம்பலாக. அழுத்தி ஒரு நொடி கழித்துத்தான் கை அசையும், விட்டால் ஸ்பிரிங் மாதிரி திரும்பும். குழாயில் காற்றுக்குமிழ் இருப்பதற்கு இதுதான் அடையாளம். கொடுக்கிற விசையில் ஒரு பங்கைக் காற்று சுருங்கியே தின்றுவிடும். தண்ணீர் அப்படிச் சுருங்காது. சார் எல்லாவற்றையும் கழற்றி வாளித் தண்ணீருக்குள்ளேயே மாட்டச் சொல்வார். சட்டைக் கை நனையும்; குமிழ் போய்விடும்.

மூன்றாம் நாள் விபத்து தேங்காய் எண்ணெயால் வரும். தண்டு இறுக்கமாக இருக்கிறதே என்று ஒரு புத்திசாலி எண்ணெய் விட்டிருப்பான். அன்றைக்கு வழுக்கிக்கொண்டு ஓடும். இரவோடிரவாக ரப்பர் எண்ணெயைக் குடித்து உப்பி, காலையில் அசையாது. கிளிசரின் போட்டிருந்தால் இந்தத் தொல்லை இல்லை. சார் திட்டமாட்டார். உப்பிய ரப்பரையும் புதிய ரப்பரையும் ஒரு தட்டில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, அதையும் கண்காட்சியில் ஒரு மாடலாக்கிவிடுவார்.

கண்காட்சி அன்று சிறப்பு விருந்தினர் வந்தார். ஏழாம் வகுப்பு மாணவி "வணக்கம் ஐயா" என்று தொடங்கி, பாஸ்கல் விதியை மூச்சு விடாமல் ஒப்பித்து முடித்தாள். விருந்தினர் சிரித்தபடி, "அதெல்லாம் சரிம்மா, இதனால என்ன லாபம்?" என்றார். தலைமை ஆசிரியர் முகம் மாறியது. சார் கூரையைப் பார்த்தார்.

அவள் ஜே.சி.பி.யை நகர்த்திவைத்துவிட்டு இன்னொரு ஜோடியை எடுத்தாள். 20 மில்லி சிரிஞ்ச் ஒன்று, 5 மில்லி ஒன்று. "பெருசை நீங்க அழுத்துங்க ஐயா, சின்னதை நான் அழுத்தறேன்." விருந்தினர் கட்டைவிரலை வைத்தார், பிறகு இரண்டு விரலையும் வைத்தார். பெரிய தண்டு அவரைத் தள்ளிக்கொண்டு மேலே வந்தது. அழுத்தம் இரண்டு பக்கமும் ஒன்றுதான். பெரிய பிஸ்டனின் பரப்பு ஏறத்தாழ இரண்டரை மடங்கு என்பதால் விசையும் அத்தனை மடங்கு. "ஆனா ஓசியில்லை ஐயா. என் தண்டு முழுசா இறங்கினாலும் உங்களுது கால்வாசிதான் ஏறும். கார் ஜாக்கியை அதனாலதான் அத்தனை தடவை அடிக்கிறாங்க." இது சார்ட்டில் இல்லை.

மறுநாள் காலை வழிபாட்டில் தலைமை ஆசிரியர் மன்றத்தைப் பாராட்டினார். கூட்டம் கடைசிவரை கலையாததையும், பக்கத்துப் பள்ளிப் பிள்ளைகள் நடுமேசையைவிட்டு நகராததையும் சொன்னார். "இதற்கெல்லாம் காரணமான நம் வழிகாட்டி ஆசிரியர்..." என்று கையை நீட்டினார். நீட்டிய இடத்தில் ஆள் இல்லை. ஆய்வுக்கூடத்தில் குழாய்களைக் கழற்றிக் காயப்போட்டுக்கொண்டிருந்தார். கைதட்டல் கேட்டு எட்டிப் பார்த்து, அவரும் தட்டினார்.

ஆகவே, பாராட்ட நினைக்கும் பெற்றோர் ஆசிரியர் கழகத்துக்கு ஒரு வேண்டுகோள்: அடுத்த ஆண்டு சால்வை வேண்டாம், 20 மில்லி சிரிஞ்ச் ஒரு டஜன் வாங்கிக் கொடுங்கள். போன ஆண்டு போர்த்திய சால்வைதான் இந்த ஆண்டு எரிமலையின் அடிவாரம்.