இருபதாவது ஆளாக உள்ளே போகும்போது

கேள்வி: கேம்பஸ் இன்டர்வியூவில் 30 வினாடி சுய அறிமுகத்தில் எதைச் சொல்வது? (இறுதியாண்டு டிரிபிள் ஈ மாணவி, ஈரோடு)

பதில்: பெயரையும் துறையையும் ஒரே மூச்சில் முடித்துவிடுங்கள். ஊர், பள்ளி, மதிப்பெண் எல்லாம் இன்டர்வியூ எடுப்பவர் கையிலிருக்கும் ரெஸ்யூமிலேயே உண்டு. உங்களுக்கு முன்னால் வந்த பத்தொன்பது பேரும் அதைத்தான் ஒப்பித்திருப்பார்கள். ஆங்கிலத்தில் நிதானமாகப் பேசினால் சுமார் 70 சொற்கள்தான் கிடைக்கும். பாதியை ஒரே புராஜெக்டுக்குக் கொடுங்கள்: "பம்ப்செட் மோட்டார் சூடானால் தானே நிறுத்தும் கருவி செய்தோம். சென்சார் பகுதி என்னுடையது. முதலில் வெறும் வெயிலுக்கே மோட்டார் நின்றது, சரிசெய்தேன். அதனால்தான் உங்கள் டெஸ்டிங் வேலைக்கு வந்திருக்கிறேன்." எப்படிச் சரிசெய்தீர்கள் என்பதைச் சொல்லாமல் நிறுத்துங்கள். அவர் அதையே கேட்டால் அறிமுகம் வேலை செய்தது, "ஹாபி என்னம்மா?" என்றால் இல்லை.