இருபது வளைவும் ஒரு தொட்டியும்

ஏற்காட்டு மலையில் காப்பித் தோட்டம் காட்டுவதாகச் சொல்லி எங்களை அடிவாரத்தில் வேனில் ஏற்றிக்கொண்ட வழிகாட்டி இளைஞரின் கையில், எங்கே எத்தனை நிமிஷம் நிற்க வேண்டும், எந்த உபகதையைச் சொல்ல வேண்டும், எவ்விடத்தில் கூட்டம் சிரிக்க வேண்டும் என்பதுவரை தட்டச்சிட்ட ஒரு தாள் இருந்ததை முன்னாலேயே கண்டிருந்தால், சேலத்திலேயே ஒரு காப்பியைக் குடித்துவிட்டு வீடு திரும்பியிருப்பேன்.

மலைப்பாதையில் கொண்டை ஊசி வளைவுகள் இருபது என்பதைச் சர்க்காரே இலக்கமிட்ட பலகைகள் நட்டு அறிவித்திருக்க, அவற்றைப் படிக்கத் தெரிந்த நாங்கள் வண்டி நிறைய அமர்ந்திருக்க, இவர் ஒவ்வொரு வளைவையும் புதிதாகக் கண்டுபிடித்தவர்போல் பிரகடனம் செய்துகொண்டு வந்தார். மூன்றாவதில் குரங்கைப் பற்றிய ஹாஸ்யம். ஏழாவதில் டிரைவரின் சாமர்த்தியத்துக்குக் கரகோஷம். எட்டாவதில் மறுபடியும் குரங்கு. பதினொன்றாவதில் “இன்னும் எத்தனை?” என்று எங்களையே பரீட்சித்தார்; ஒரு குழந்தை “ஒன்பது” என்றது; அதற்கும் கைதட்டினோம். பதினான்காவதில் அக்குழந்தை வாந்தியெடுத்தது. தாளில் அதற்கு நிமிஷம் ஒதுக்கப்படாமையால், அதன் தாயார் தண்ணீர் தேடிக்கொண்டிருக்கும்போதே பதினைந்தாவது பிரகடனமாகிவிட்டது.

தோட்டத்தில், 1820களில் சேலம் கலெக்டராயிருந்து இம்மலைக்குக் காப்பியைக் கொண்டுவந்த காக்பர்ன் துரைக்குப் பன்னிரண்டு நிமிஷம். துரை அதற்குத் தகுதியுள்ளவரே. ஆனால் பழம் காப்பியாவது நடக்கும் இடத்துக்கு நான்கே நிமிஷம்! பறித்த பழத்தை அன்றே பல்ப்பரில் தோல் நீக்கி, பசைபோல் வழுக்கும் சதை ஒட்டிய கொட்டையைத் தொட்டியில் ஊறப்போடுகிறார்கள். ஒரு நாளோ ஒன்றரை நாளோ, குளிர் மிகுந்தால் அதற்கு மேலுமோ, அது தானே புளித்து அச்சதை கழன்றால்தான் கழுவ முடியும். குறைந்தால் பசை நின்று காயும்போது கெடும். மிகுந்தால் கொட்டைக்குள்ளேயே புளிப்பு ஏறும். தொட்டியோரம் நின்ற ஓர் அம்மாள் உள்ளே கைவிட்டு ஒரு பிடி எடுத்துக் கசக்கிக்கொண்டிருந்தார்.

“எப்படியம்மா தெரியும்?” என்றேன்.

“வழுக்குச்சுன்னா ஆகலைங்க. கல்லாட்டம் கரகரங்கோணும்ங்க. அப்பத்தான் கழுவலாம்.”

என் உள்ளங்கையிலும் கொஞ்சம் வைத்தார். ஓரிடம் கரகரத்தது, ஓரிடம் இன்னும் வழுக்கியது. “இன்னும் ரெண்டு மணி நேரம் போகட்டும்ங்க” என்றார். எந்தத் தாளையும் பார்க்காமல் சொன்ன ஒரே நேரக்கணக்கு அன்று அதுதான். அடுத்ததைக் கேட்பதற்குள் விசில் ஊதப்பட்டது: களத்தில் ஒரு வாரத்துக்கு மேல் காயும் கொட்டையை வண்டியிலிருந்தே பார்த்துக்கொள்ளலாமாம்.

கடைசி நிறுத்தமான விற்பனைக் கடைக்குத் தாளில் முப்பது நிமிஷம். அங்கே எனக்குக் கொடுத்த காப்பியில் சிக்கரி தாராளமாக இருந்தது.

இத்தகைய தாள்களைத் தயாரிக்கும் கனவான்களுக்கு ஒரு விண்ணப்பம்: வளைவுகளை நாங்களே எண்ணிக்கொள்கிறோம், அந்த நிமிஷங்களைத் தொட்டியடிக்கு மாற்றி, அங்கே அந்த அம்மாளைப் பேசவிடுங்கள்.