வேறொரு பார்ட்டி ரெடி

வீட்டை முதல் தடவை பார்க்க வருகிறவரைத் தரகர்கள் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. இரண்டாம் தடவையும் வந்து, குழாயைத் திறந்து பார்த்து, கிழக்கு எந்தப் பக்கம் என்று விசாரித்து, "யோசிச்சுச் சொல்றோம்" என்று படியிறங்குகிறவரைத்தான் விடமாட்டார்கள். பிடிக்காதவன் மறுபடி வரமாட்டான் என்பது அவர்கள் கணக்கு. என் அப்பா காலத்திலும் கணக்கு இதுதான்.

1980களில் அப்பா தாம்பரம் பக்கம் ஒரு வீட்டை இரண்டாம் முறை பார்த்துவிட்டு வந்ததும், தரகர் காலைப் பேப்பருக்கு முன்பே எங்கள் திண்ணைக்கு வர ஆரம்பித்தார். "வாத்தியாரய்யா, வேறொரு பார்ட்டி ரெடியா இருக்காங்க. ஆனிக்குள்ள முடிச்சாத்தான் உண்டு. ஆடி பிறந்துட்டா யாரும் பத்திரத்தைத் தொடமாட்டாங்க." அப்பா உள்ளேயிருந்து என்னை அனுப்புவார். "அப்பா வெளியே போயிருக்கார்" என்பேன். தரகர் வாசலில் கிடக்கும் அப்பாவின் செருப்பை ஒரு பார்வை பார்ப்பார். அம்மா கொடுத்த காபியைக் குடித்துவிட்டு, "வந்ததும் சொல்லு தம்பி" என்று கிளம்புவார்.

ஆனால் அவர் பையில் மூலப்பத்திரத்தின் நகல் இருந்தது. கேட்பதற்கு முன்பே எடுத்துக் கொடுத்தார். அப்பா அதை வக்கீலிடம் கொடுத்தார். சார்பதிவாளர் அலுவலகத்தில் வில்லங்கச் சான்றுக்கு மனுப் போட்டு, அது கைக்கு வருவதற்குள் ஆனி போய் ஆடியும் போயிற்று. ஆவணியில்தான் பதிவு. அதுவரை அந்த வேறொரு பார்ட்டி எப்படியோ பொறுமையாகக் காத்திருந்தார்.

சமீபத்தில் குரோம்பேட்டையில் ஒரு பழைய அடுக்குமாடி வீட்டை நானும் மனைவியும் இரண்டாம் தடவை பார்த்தோம். இரண்டு படுக்கையறை, 62 லட்சம். வண்டியை எடுப்பதற்குள் வாட்ஸ்அப்பில் வந்துவிட்டது: "சார், மேடத்துக்கு ஓகேதானே?" மறுநாள் ரோஜாப்பூவோடு காலை வணக்கம். அதன்பின், "வேறொரு பார்ட்டி டோக்கனோட ரெடி சார்." அப்பாவைக் காட்டிக்கொடுத்தது செருப்பு. என்னைக் காட்டிக்கொடுத்தது நீல டிக். "பார்த்துட்டீங்க, பதில் இல்லையே சார்?"

ஆடி மட்டும் கட்சி மாறிவிட்டது. "ஆடிப்பெருக்குக்குக் கூடுதல் டோக்கன் தர்றாங்க சார், அன்னிக்கே பதிஞ்சிடலாம்" என்று ஒரு செய்தி. அது உண்மைதான், நல்ல நாள்களில் பதிவுத்துறையே கூடுதல் டோக்கன் ஒதுக்குகிறது. "வழிகாட்டி மதிப்பு ஏறப்போகுது, இப்பவே முடிச்சா லாபம்" என்று இன்னொன்று. இதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். முத்திரைத்தீர்வை 7 சதவீதம், பதிவுக்கட்டணம் 2 சதவீதம். இவற்றை வழிகாட்டி மதிப்பு, பத்திரத்தில் காட்டும் விலை இரண்டில் எது அதிகமோ அதன் மேல்தான் கட்டுகிறோம். 62 லட்சத்தை முழுதாகப் பத்திரத்தில் காட்டுகிறவருக்கு, வழிகாட்டி மதிப்பு 45 லட்சத்திலிருந்து 54 லட்சம் ஆனாலும் ஒரு ரூபாய்கூட அதிகமாகாது. தரகரின் அவசரம் விலையைக் குறைத்துக் காட்டுகிறவர்களுக்கான அவசரம்.

அதன்பின் வந்த ஒவ்வொரு செய்திக்கும் நான் ஒரே பதில்தான் அனுப்பினேன்: "மூலப்பத்திர நகல் அனுப்புங்க." பதிலுக்குப் பூ வந்தது, பால்கனி வீடியோ வந்தது, "இன்னிக்கு மட்டும் ஒரு லட்சம் குறைச்சுப் பேசறேன்" வந்தது. நகல் வரவில்லை.

வில்லங்கத்துக்கு இப்போது வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டாம். பதிவுத்துறையின் இணையதளத்திலேயே பார்க்கலாம். பார்த்தேன். உரிமையாளர் ஒரு வங்கியில் பத்திரங்களை ஒப்படைத்து அடமானக் கடன் வாங்கிய பதிவு இருந்தது. கடன் தீர்ந்தால் அதை ரத்து செய்யும் ரசீதும் பதிவாகியிருக்கும். அது இல்லை. மூலப்பத்திரம் ஏன் வரவில்லை என்பது விளங்கியது. அது வங்கியின் பெட்டியில் இருந்தது. கேட்டதும் தரகர் கூசாமல் எழுதினார்: "சின்ன பாக்கிதான் சார். நீங்க தர்ற டோக்கன்லயே கட்டிடுவாங்க."

கடன் இருப்பது குற்றமில்லை. கடனுள்ள வீடுகள் நாள்தோறும் கைமாறுகின்றன. அதற்கு ஒழுங்கான வழி உண்டு: விற்பவர் தன் வங்கியிடம் நிலுவைத் தொகையும் அங்குள்ள பத்திரங்களின் பட்டியலும் எழுதிய கடிதம் வாங்கித் தரவேண்டும். எழுத்தில் ஒப்பந்தம் போட்டு, நிலுவையை நேராக அந்தக் கடன் கணக்கில் செலுத்தி, ரசீது பதிவான பிறகே கிரயம். அந்தக் கடிதத்தைக் கேட்டேன். அன்றோடு ரோஜாப்பூ நின்றது.

இரண்டாம் தடவை பார்த்துவிட்டு வந்தவர்களுக்கு ஒரு வார்த்தை. தரகரின் செய்திகளுக்குப் பயந்து ஒளியவும் வேண்டாம், மயங்கி டோக்கன் கொடுக்கவும் வேண்டாம். "நகல் அனுப்புங்க" என்று மட்டும் எழுதுங்கள். அனுப்புகிறவரோடு பேரம் பேசுங்கள். பூ அனுப்புகிறவருக்குப் பதில் பூ அனுப்பினால் போதும்.