பழனிசெட்டிபட்டியிலிருந்து போடிக்கு மதுரை வழியாகக் கவர் அனுப்புவது எப்படி?

பழனிசெட்டிபட்டியில் கூரியர் கம்பெனி தொடங்குகிறீர்கள். கம்பம் ரோட்டில் கடை பிடித்தாயிற்று, போர்டு மாட்டியாயிற்று, எடை மிஷினும் வந்துவிட்டது. முதல் வாரம் முடிவதற்குள் ஒருவர் வந்து மேஜையில் கையூன்றி நிற்பார். “ஏன் தம்பி, போடிக்குப் போட்ட கவரு மதுரையில இருக்குன்னு போன்ல காட்டுது. இந்தா இருக்கு போடி, பதினஞ்சு கிலோமீட்டரு. அத எதுக்கு மதுரைக்குக் கூட்டிட்டுப் போனீங்க?”

பதில் தெரியாமல் விழிக்கக் கூடாது. அதைவிட முக்கியம், ரோஷப்பட்டு மறுநாளே போடிக்கு நேர் வண்டி விட்டுவிடக் கூடாது. ஆனாலும் ரோஷம்தான் பெரிது என்றால், அதையும் முறையாகச் செய்ய வழி உண்டு.

ஒரு தாளில் எட்டு ஊர்களைக் குறித்துக்கொள்ளுங்கள்: தேனி (பழனிசெட்டிபட்டி அதோடு ஒட்டியது), போடி, பெரியகுளம், ஆண்டிபட்டி, சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம், கூடலூர். ஒவ்வோர் ஊரையும் மற்ற எல்லா ஊர்களோடும் கோடு போட்டு இணையுங்கள். 28 கோடுகள் வரும். கோட்டுக்கு ஒரு குட்டியானை வாங்கி விடுங்கள். பெரியகுளத்துக்காரர் கூடலூருக்கு என்றைக்காவது ஒரு கல்யாணப் பத்திரிகை அனுப்புவார் அல்லவா, அன்றைக்கு அந்த வண்டி பயன்படும்.

28 அதிகம், போடி ஒன்று மட்டும் போதும் என்கிறீர்களா? சரி, அதையே கணக்குப் பார்ப்போம். இங்கிருந்து போடிக்கு நாளுக்கு 6 கவர் சேர்கிறது என்று வைத்துக்கொள்வோம். போக வர 30 கிலோமீட்டர், 2 லிட்டர் டீசல், ஏறக்குறைய 200 ரூபாய். டிரைவரின் அரை நாள் கூலி 300. ஆக 500 ரூபாயை 6 கவரின் தலையில் போட்டால், ஒன்றுக்கு 83 ரூபாய். நீங்கள் பில் போட்டது 40. ஒவ்வொரு கவரின் முதுகிலும் 43 ரூபாயை ஒட்டி அனுப்புகிறீர்கள். கடை வாடகையும், போடியில் வீடு வீடாகக் கொடுக்கும் பையனின் சம்பளமும் இதில் சேரவில்லை. அவற்றுக்கு 20 ரூபாய் ஒதுக்கினால் வண்டிக்கு மிஞ்சுவது கவருக்கு 20. அப்படியென்றால் போகிறதும் வருகிறதுமாக நாள் தவறாமல் 25 கவர் இருந்தால்தான் அந்த வண்டி தன் செலவைத் தானே தாங்கும்.

மதுரை வண்டியின் கதை வேறு. சென்னை, கோவை, திருப்பூர் கவர்களுக்காக அது எப்படியும் மாலை 7 மணிக்குக் கிளம்பியாக வேண்டும். போடிக் கவர் ஆறையும் அதன் மூலையில் போட்டால் கூடுதல் செலவு என்று சொல்ல எதுவுமில்லை. 75 கிலோமீட்டர், இரண்டு மணி நேரத்தில் மதுரை ஹப். அங்கே நடுராத்திரிக்குள் பிரித்துக் கட்டி, விடிகாலை 4 மணிக்குப் போடி வண்டியில் ஏற்றினால், 7 மணிக்கெல்லாம் போடியில். கவர் சுற்றியது ஏறக்குறைய 165 கிலோமீட்டர். நேராகப் போயிருந்தால் ராத்திரி 8 மணிக்கே போடி போயிருக்கும், உண்மைதான். ஆனால் அங்கே பையன் காலை 10 மணிக்குத்தான் தெருவில் இறங்குவான். நேராகப் போன கவர் போடியில் தூங்கும், சுற்றிப் போன கவர் வண்டியில் தூங்கும். கையில் கிடைப்பது ஒரே நேரத்தில்தான். மேஜையில் கையூன்றியவருக்குச் சொல்ல வேண்டிய பதில் இதுதான். ஒத்துக்கொள்வார் என்று மட்டும் எதிர்பார்க்காதீர்கள்.

இந்த வித்தையை உலகத்துக்குப் பெரிய அளவில் காட்டியது ஃபெடரல் எக்ஸ்பிரஸ். 1973 ஏப்ரல் 17 ராத்திரி, அமெரிக்காவின் மெம்பிஸ் நகரை மையமாக வைத்து, 14 சிறு விமானங்களோடு 25 நகரங்களுக்குத் தொடங்கினார்கள். அன்றைக்குச் சேர்ந்த பார்சல் மொத்தம் 186. 25 நகரங்களை ஒன்றோடொன்று நேராக இணைத்தால் 300 கோடுகள். கோட்டுக்கு ஒரு பார்சல்கூட இல்லை! நேர் விமானம் விட்டிருந்தால் பாதிக்குப் பாதி காலியாகப் பறந்திருக்கும்.

இனி ஹப்பை நம்பிக் கெடுவது எப்படி என்றும் தெரிந்துகொள்ள வேண்டும். கவரில் ‘பழனி’ என்று பெரிதாக எழுதி, ‘செட்டிபட்டி’யை அடுத்த வரிக்குத் தள்ளுங்கள். பின்கோடு எழுதவே எழுதாதீர்கள். ராத்திரி 11 மணிக்கு நின்றபடி நூற்றுக்கணக்கில் பிரிக்கும் பையன் முதல் வரியைத்தான் பார்ப்பான். கவர் பழனிப் பைக்குள் விழும். மறுநாள் திரையில் PALANI என்று வந்தால், உங்கள் கவர் முருகனைப் பார்க்கப் போயிருக்கிறது என்று பொருள். அது திரும்பி மதுரை வந்து மறுபடி கிளம்ப இன்னும் இரண்டு நாள். தேனி 625531, பழனி 624601. இந்த ஆறு இலக்கம் இருந்தால் ஊர்ப்பெயரை யார் எப்படி எழுதினாலும் கவலையில்லை.

இன்னொரு வினை சித்திரையில் வரும். அழகர் ஆற்றில் இறங்கும் நாளில் மதுரைக்குள் வண்டி நுழைவது எப்பாடு என்று உங்களுக்கே தெரியும். ஹப் ஊருக்குள் இருந்தால், வைகைக்கரைக் கூட்டத்தால் பழனிசெட்டிபட்டி–போடி கவர் நின்றுபோகும். எல்லாக் கோடும் ஒரே புள்ளியில் சேர்ந்தால், அந்தப் புள்ளிக்கு வரும் தலைவலி எல்லா ஊருக்கும் வரும்.

அதனால் ரோஷத்துக்கும் ஹப்புக்கும் நடுவில் ஒரு வழி இருக்கிறது, அது ஒரு மேஜை. தேனி தனி மாவட்டமாகிப் பல வருஷம் ஆகிவிட்டது, ஆனால் பின்கோடு இன்னும் மதுரையின் 625தான். முதல் மூன்று இலக்கத்தைப் பார்த்துப் பிரிப்பவர் போடி, கம்பம், தேனி எல்லாவற்றையும் மதுரைப் பையில்தான் போடுவார். உங்கள் கடைப் பையனைக் கடைசி மூன்றைப் பார்க்கச் சொல்லுங்கள்: 513 போடி, 515 சின்னமனூர், 516 கம்பம். மதுரை வண்டி வருவதற்குள், மாலை 6 மணிக்கே இவற்றைத் தனிப் பையில் கட்டிக் கடையிலேயே வைத்துவிடுங்கள். விடிகாலை மதுரையிலிருந்து வரும் போடி வண்டியும் கம்பம் வண்டியும் தேனி வழியாகத்தான் போயாக வேண்டும். போகிற போக்கில் பையை ஏற்றிக்கொள்ளட்டும். புது வண்டியும் வேண்டாம், மதுரையில் கை மாறுவதும் இல்லை, பழனி யாத்திரையும் இல்லை. கஷ்டம் ஒன்றுதான்: 6 மணிக்கு மேல் வரும் கவர் இந்தப் பையில் ஏறாது என்று சொல்லும் தைரியம் வேண்டும். 6.50க்கு மூச்சிரைக்க ஓடி வருகிறவரின் கவரைப் பழையபடி மதுரை வண்டியில்தான் போட வேண்டும்.

கம்பம் பக்கம் இன்னும் சுலபம். சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம், கூடலூர் நான்கும் ஒரே ரோட்டில் வரிசையாக நிற்கின்றன. ஒரே வண்டி காலையில் மேலே ஏறி மாலையில் கீழே இறங்கினால், சின்னமனூரில் ஏற்றியதைக் கம்பத்தில் இறக்கலாம். அங்கே ஹப்பும் நேர் வண்டியும் ஒன்றேதான்.

நேர் வண்டி என்று ஆசை தீர ஒன்று விட வேண்டுமானால் அதைக் கம்பத்திலிருந்து குமுளிக்கு விடுங்கள். 20 கிலோமீட்டர் சொச்சம்தான், லோயர் கேம்ப் தாண்டி மலை ஏறினால் வந்துவிடும். ஆனால் மாநிலவாரியாகப் பிரித்து நடத்தும் கம்பெனியில் அந்தக் கவர் மதுரைக்கு வந்து, கேரளத்து ஹப் ஒன்றுக்குப் போய், அங்கிருந்து மறுபடி மலையேற வேண்டும். இந்தச் சுற்று ஒரு ராத்திரியில் முடியாது, இரண்டு நாள் பிடிக்கும். போடியில் சொன்ன தூக்கக் கணக்கு இங்கே செல்லாது. ஏலக்காய் வியாபாரத்தில் சாம்பிளும் பில்லும் எல்லையின் இரண்டு பக்கமும் போய் வருகின்றன, இரண்டு நாள் அவர்களுக்குப் பெரிது. கம்பம் கிளையின் நோட்டில் ஒரு மாதத்துக்குக் குமுளிக் கவரைத் தனியாக எழுதி வையுங்கள். மலை ரோட்டு டீசலையும் கூலியையும் சேர்த்து மேலே போட்ட கணக்கையே போடுங்கள். கவர் எண்ணிக்கை அதைத் தொட்டால் வண்டி விடுங்கள். தொடவில்லையென்றால், குமுளியில் கடை வைத்திருக்கும் வேறொரு கூரியர்காரரோடு பேசி, தினமும் ஒரு பை மாற்றிக்கொள்ள ஏற்பாடு செய்துகொள்ளுங்கள்.