புளியங்கொட்டைக் கணக்கு

தெருவில் போகும்போது கடையைப் பார்க்காமல், கடையிலிருந்து வெளியே வருகிறவர்களின் கைப்பையையே பார்த்துக்கொண்டு ஒருவர் நடந்தால், அவர் சீக்கிரம் கடை திறக்கப் போகிறார் என்று வைத்துக்கொள்ளலாம். எங்கள் உறையூர்ப் பக்கத்தில் அப்படி ஒருவர் இருக்கிறார். ஓய்வு பெற்ற கையோடு இட்லி மாவுக் கடை போடுவது என்று முடிவு கட்டியவர். இதே தெருவில் ஏற்கெனவே மூன்று பேர் மாவு விற்கிறார்களே என்றால், "அதனாலதான் சார் இங்க போடுறேன். யாருமே விக்காத தெருவுல, ஏன் விக்கலைன்னு யார்கிட்டப் போய்க் கேக்கிறது?" என்பார்.

அந்த மூன்று பேரில் ஒருவர் முக்கு மளிகைக்காரர். இன்னொருவர் குளிர்பெட்டி வைத்திருக்கும் பால் கடைக்காரர். இவர்கள் இரண்டு பேரும் பாக்கெட் மாவு விற்பவர்கள். மூன்றாவது, திண்ணையில் கிரைண்டர் போட்டு, கரண்டியால் அள்ளித் தூக்குவாளியில் ஊற்றிக் கொடுக்கும் ஓர் அம்மாள். இந்த மூவருக்கும் இன்றைய தேதியில் முதல்தர வாடிக்கையாளர் யாரென்றால் நம்மவர்தான். மூன்று இடத்திலும் ஒரே சாயங்காலம், அரை மணி நேரத்துக்குள் வாங்கிவிடுவார். மாவு மணிக்கு மணி மாறுகிற சரக்கு. ஒன்றைக் காலையிலும் மற்றொன்றை மாலையிலும் வாங்கிவிட்டு எது புளிப்பு என்று பேசினால் அது வம்பு, ஒப்பீடு ஆகாது என்பது அவர் சித்தாந்தம். பாக்கெட் உப்பியிருக்கிறதா என்று கன்னத்தைக் கிள்ளுவதுபோல் கிள்ளிப் பார்த்துத்தான் எடுப்பார். உப்பியிருந்தால் உள்ளே மாவு பொங்கிக்கொண்டிருக்கிறது, நாளைக்குத் தாங்காது என்று அர்த்தமாம்.

அதற்குப் பிறகு நடப்பதெல்லாம் அவர் வீட்டு அடுப்படியில். முதலில் தராசு. மளிகைக் கடை பாக்கெட் 45 ரூபாய், சரியாக ஒரு கிலோ. பால் கடை பாக்கெட் 40 ரூபாய். அதன் முதுகில், தேதிக்கும் விலைக்கும் நடுவில், எறும்பு எழுத்தில் 850 கிராம் என்று இருந்தது. எடை போட்டிருக்கத்தான் செய்கிறார்கள். படிக்கத்தான் கண்ணாடி வேண்டும், அவ்வளவுதான். அம்மாளின் மாவு கிலோ 35. ஆனால் கரண்டியைத் தூக்கினால் தண்ணீராக ஒழுகியது.

மூன்று மாவையும் ஒரே கரண்டியால், ஒரே குழித்தட்டில் ஊற்றச் சொன்னார். "என்னங்க, நாம சாப்பிடவா போறோம், இல்ல பரீட்சை எழுதப் போறோமா?" என்று அவர் மனைவி கேட்டதற்கு, "ரெண்டும்தான்" என்று பதில். மளிகைக் கடை மாவில் 24 இட்லி வந்தது. பால் கடை மாவில் 20. ஆக, 45 ரூபாய் பாக்கெட்டில் ஓர் இட்லி ஒன்றே முக்கால் ரூபாய்க்குக் கொஞ்சம் மேலே. மலிவு என்று பெயர் வாங்கிய 40 ரூபாய் பாக்கெட்டில் இட்லி இரண்டு ரூபாய். இந்தத் தெருவில் பத்தில் எட்டுப் பேர் பால் கடைதான் மலிவு என்று சத்தியம் செய்வார்கள். நம்மவருக்கு அன்று இரவு தூக்கமில்லை, மகிழ்ச்சியில்தான்.

அம்மாளின் மாவிலும் 24 வந்தது. ஆனால் எல்லாம் தட்டையாக, வட்டமாக வெட்டி ஒட்டிய மாதிரி. இட்லி ஒன்றரை ரூபாய்க்கும் குறைவு என்று அவர் ஆரவாரிக்கும்போது மனைவி குறுக்கிட்டார்: "மத்ததுல நாலு சாப்பிட்டா எந்திரிச்சிடுறீங்க. இதுல அஞ்சு சாப்பிட்டும் தட்டைப் பார்த்துக்கிட்டே உக்காந்திருக்கீங்க." கணக்குப் போட்டால் நாலு இட்லி ஏழரை ரூபாய்; இந்த அஞ்சு இட்லி ஏழே காலுக்குக் கொஞ்சம் மேலே. பத்து ரூபாய் வித்தியாசம் என்று நினைத்தது, வயிற்றுக்குள் போனதும் இருபது காசாகச் சுருங்கிவிட்டது. தெருவில் விலைப்போட்டி என்று ஒன்று நடக்கவே இல்லை என்பதைக் கண்டுபிடித்தவர் மனைவிதான். கணக்கு எழுதும் நோட்டில் மட்டும் கணவர் பெயர் இருக்கிறது.

மிச்ச இட்லிகளை யாரும் தொடக்கூடாது என்று மத்தியானம்வரை மூடி வைத்தார். சூட்டில் எல்லா இட்லியும் பூப்போலத்தான் இருக்கும், ஆறின பிறகுதான் உளுந்து எவ்வளவு என்று தெரியும் என்பது அவர் கட்சி. அரிசியைவிட உளுந்து விலை கூட. கை வைப்பவர்கள் முதலில் அதில்தான் கை வைப்பார்கள். நாலுக்கு ஒன்று என்று போட்ட மாவின் இட்லி பகல் ஒரு மணிக்கும் விரலுக்கு நெகிழ்ந்து கொடுத்தது. பால் கடை இட்லி சுவரில் எறிந்தால் திரும்பி வரும் நிலையில் இருந்தது. லேசாக மஞ்சள் தட்டி, பெரிய பெரிய ஓட்டை விழுந்து, நாக்கில் சவுக்காரம் மாதிரி ஒரு கூச்சம். சோடா உப்பு. புளிக்க நேரம் கொடுக்காதவர்கள் செய்கிற வேலை.

இத்தோடு நிறுத்தியிருந்தால் அவர் சாதாரண வம்புக்காரர். தெருவில் என்ன இல்லை என்று தேடக் கிளம்பியதில்தான் அவர் ரகமே தனி. முதலில் கண்ணில் பட்டது ராகி மாவு. யாரிடமும் இல்லை! கம்பு மாவு? அதுவும் இல்லை! இரண்டு நாள் தரையில் கால் பாவாமல் நடந்தார். பிறகு மளிகைக்காரரிடம் பேச்சுவாக்கில் விட்டுப் பார்த்தார். "வச்சோம் சார். நல்லதுன்னு எல்லாரும் சொன்னாங்க, ஒருத்தரும் வாங்கலை. ஒரு மாசம் எங்க வீட்லதான் ராகி தோசை. பிள்ளைங்க இன்னும் எங்கூடப் பேசலை." ராகி அன்றே நோட்டிலிருந்து அடிபட்டது.

அப்புறம்தான் புளியங்கொட்டை வந்தது. எதிர் டீக்கடை பெஞ்சில் மாலை ஆறிலிருந்து ஒன்பதரை வரை உட்கார்ந்தார். மாவு வாங்கிப் போகிற ஒவ்வொருவருக்கும் ஒரு புளியங்கொட்டை இடது பையிலிருந்து வலது பைக்கு. கேட்டுவிட்டு வெறும் கையோடு திரும்புகிறவருக்கு ஒரு சுண்டைக்காய் வற்றல். வாங்குகிறவனை எண்ணினால் போட்டியாளனின் வியாபாரம்தான் தெரியும், திரும்பிப் போகிறவனை எண்ணினால்தான் நம்முடைய வியாபாரம் தெரியும் என்று டீ மாஸ்டருக்கு விளக்கினார். சனிக்கிழமை பதினோரு சுண்டைக்காய். உடனே பெரிய கிரைண்டருக்கு முன்பணம் கொடுக்கக் கிளம்பியவரை மனைவிதான் உட்கார வைத்தார்: ஞாயிற்றுக்கிழமை எல்லார் வீட்டிலும் இட்லி, சனிக்கிழமைக் கணக்கு கணக்கா? செவ்வாயன்று எண்ணியதில் நாலு. புதன் மழை, பெஞ்சில் அவர் மட்டும்.

ஆனால் அந்த நாலு பேரும் வந்தது எட்டு மணிக்கு மேல். வேலை முடிந்து வருகிறவர்கள். அவர்களுக்குத் தேவை மறுநாள் காலைக்கு மாவு. அந்த நேரத்தில் கிடைப்பதோ காலையில் அரைத்து, ஏற்கெனவே புளித்துவிட்ட பாக்கெட். ராத்திரி தாண்டினால் முகம் சுளிக்கும். சாயங்காலம் அரைத்த, புளிக்காத மாவு கிடைத்தால் வெளியே வைத்துவிட்டுத் தூங்கலாம், விடியும்போது பொங்கியிருக்கும். அதுவும் அரைக் கிலோ போதும். இரண்டே பேர் உள்ள வீடு கிலோவை வாங்கி என்ன செய்யும்?

இது ராகி மாதிரி ஆகிவிடுமோ என்ற பயம் அவருக்கு இருந்தது. திண்ணை அம்மாளிடமே போய்க் கேட்டுவிட்டார்: சாயங்காலம் ஏன் அரைப்பதில்லை?

"அரைச்சேன் தம்பி. நல்லாத்தான் போச்சு. மாடியில வீட்டுக்காரர், ஆறு மணிக்கு மேல கிரைண்டர் சத்தம் கேட்டா வீட்டைக் காலி பண்ணுன்னுட்டார்."

ஆள் இல்லாததால் விட்ட வியாபாரம் அல்ல, சத்தத்தால் விட்டது. நம்மவருக்குச் சொந்த வீடு, மாடியும் இல்லை. வாசலில் 'மாலை அரைத்த மாவு, இரவு 7.30 முதல்' என்று பலகை மாட்டிவிட்டார். முதல் நாள் எட்டரைக்கு அந்த அம்மாளின் பேரன் வந்து அரைக் கிலோ வாங்கிப் போனான். மறுநாள் காலை அம்மாள் தெருவில் எதிர்ப்பட்டபோது, "பன்னிரண்டு வரும்னு நினைச்சேன், பதினொண்ணுதான் வந்துச்சு" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.