தாலியை முதலே காட்டிவிட்டால்

போன கிழமை குறிகட்டுவானில் நயினாதீவுப் படகுக்கு நின்றபோது வாட்ஸப்பில் ஒரு கல்யாண ட்ரெய்லர் வந்து விழுந்தது. அனுப்பியது சொந்தம். பார்க்காமல் விட்டால் நீல நிறச் சரி காட்டிக்கொடுத்துவிடும். படகில் ஏறி உட்கார்ந்து பார்த்தேன். இயந்திரச் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை. அதுதான் வினையாய்ப் போனது. சத்தமில்லாமல் பார்த்தால் ஒரு ட்ரெய்லரின் வண்டவாளம் முழுக்கத் தெரிந்துவிடும்.

தெரிந்தது இவ்வளவுதான்: இருட்டு. ஒரு குத்துவிளக்கு. இருட்டு. மாப்பிள்ளையின் சப்பாத்து. இருட்டு. அந்த இருட்டுகளில் "டும்" என்று ஒரு சத்தம் இருந்திருக்க வேண்டும். வீட்டுக்கு வந்து கேட்டேன், இருந்தது. இடி விழுகிற மாதிரி டும். சப்பாத்துக்கு எதற்கு இடி? அந்தப் பெடியன் என்ன குற்றம் செய்தான்? ஆனால் முப்பத்தெட்டாவது விநாடியில் தாலி கட்டியாகிவிட்டது. மிச்சம் ஒன்றரை நிமிடமும் ட்ரோன் கோபுரத்தைச் சுற்றிக்கொண்டிருந்தது, இறங்க இடம் கிடைக்காத காகம் போல.

முழு வீடியோவையும் பார்த்தவன் நான். மூன்றே முக்கால் மணித்தியாலம். அதில் உண்மையான பதற்றம் ஒன்று இருக்கிறது, வீடியோக்காரன் அதைத் தொடவே இல்லை. கல்யாணம் நயினை நாகபூசணி அம்மன் கோயிலில். நாளோ போயாவுக்கு முந்தின நாள். தெற்கிலிருந்து நாகவிகாரைக்கு வந்த சனம் இறங்குதுறையில் நிரம்பி வழிகிறது. முகூர்த்தம் நெருங்குகிறது. மாப்பிள்ளை தலைப்பாகையோடு வரிசையில் நிற்கிறார், காற்று அதைக் கழற்றப் பார்க்கிறது, தோழன் இரண்டு கையாலும் அமத்திப் பிடிக்கிறான். பட்டு வேட்டிக்கு மேலே செம்மஞ்சள் லைஃப் ஜாக்கெட். கடல் பயணம் இருபது நிமிடம்தான். ஆனால் படகு நிரம்பினால் அடுத்த படகு. இதைவிட ஒரு ட்ரெய்லருக்கு என்ன வேண்டும்? "வருவாரா?" என்ற கேள்வி தானாகவே தண்ணீரில் மிதக்கிறது.

நான் வெட்டினால் எழுபது விநாடி போதும். கோயிலில் ஒரு மாமி "மாப்பிள்ளை எங்கை, இன்னும் காணேல்லையே" என்று கேட்கிறா. அது முழு வீடியோவில் இருக்கிறது. அந்தக் குரலை எடுத்து இறங்குதுறைக் கூட்டத்தின் மேல் போடுவேன். வாய் ஓரிடம், படம் வேறிடம். பார்க்கிறவருக்கு இரண்டு இடமும் ஒரே மூச்சில் விளங்கிவிடும். பிறகு வரிசை, தலைப்பாகை, படகு, மணவறை என்று மாறி மாறி. முதல் துண்டு ஐந்து விநாடி, அடுத்தது மூன்று, பிறகு ஒன்றரை, கடைசியில் அரை விநாடி. அதற்குக் கீழே போனால் முகம் பிடிபடாது, கண்தான் கூசும். எல்லாவற்றுக்கும் அடியில் படகு இயந்திரத்தின் சத்தம் அறுபடாமல் ஓடவேண்டும். இறங்குதுறையின் காற்றிரைச்சலும் மண்டபத்து எதிரொலியும் வெட்டுக்கு வெட்டு மாறி மாறிக் குதித்தால் காது உடனே கண்டுபிடித்துவிடும். ஒரே இரைச்சல் அடியில் ஓடினால் எல்லாத் துண்டும் ஒரே பயணமாகிவிடும். படகு கரை தட்டும்போது இயந்திரம் நிற்கும். அந்த அமைதியில் பொம்பிளை வாசலைப் பார்க்கிற இரண்டு விநாடி. பிறகு படமே இல்லாமல் கெட்டிமேளம். தாலியைக் காட்டக்கூடாது. மேளம் அடித்தால் கட்டியாச்சு என்று தமிழனுக்குத் தெரியாதா?

இதை இந்த ஸ்டூடியோப் பெடியனால் செய்ய முடியாது என்பது வேறு கதை. அவன் முடிந்த வீடியோவை அப்படியே எடுத்துத் துண்டாடியிருக்கிறான். அதில் பாட்டு ஏற்கெனவே படத்தோடு ஒட்டிக்கிடக்கிறது. வெட்டுகிற இடமெல்லாம் பாடகருக்கு விக்கல். ஒரு காட்சி மற்றதில் கரைகிற இடத்தில் வேறு வெட்டியிருக்கிறான். அதனால்தான் அந்தக் குத்துவிளக்குக்குள்ளே பெரிய மாமியின் முகம் ஆவி போல அரை விநாடி தெரிந்தது. பாட்டும் எழுத்தும் சேர்க்க முந்தின பிரதியில் இருந்து வெட்டியிருந்தால் இரண்டும் வந்திராது. அதை அவன் அழித்துவிட்டானாம். கணினியில் இடம் காணாதாம்.

காட்டாமல் விடுகிற வித்தை புதிதில்லை. 1960இல் ஹிட்ச்காக் 'சைக்கோ'வுக்கு ஆறு நிமிடத்துக்கு மேல் ஒரு ட்ரெய்லர் செய்தார். தானே அந்த விடுதியையும் வீட்டையும் சுற்றிக் காட்டுவார். இங்கேதான் நடந்தது என்று தொடங்கி, சொல்ல வந்ததைப் பாதியில் விட்டுவிட்டு அடுத்த அறைக்குப் போய்விடுவார். கடைசியில் குளியலறைத் திரையை இழுத்தால் ஒருத்தி அலறுவாள். அவள் படத்தில் அங்கே குளிக்கிற ஜேனட் லீ கூட இல்லை, வேரா மைல்ஸ். எங்கள் ஆட்கள் கையில் அது கிடைத்திருந்தால் கொலைகாரனின் தாயார் பெயரோடு தொடங்கியிருப்பார்கள்.

பெயர் என்றதும்தான் ஞாபகம் வருகிறது. கடைசி அட்டை. இதைப்பற்றி எழுதத்தான் உட்கார்ந்தேன்.

ட்ரெய்லரின் முடிவில் வரும் அட்டைக்கு வேலை ஒன்றுதான்: இது யாருடையது, எப்போது பார்க்கலாம். இரண்டு பெயர், ஒரு தேதி. வாய்விட்டு இரண்டு தரம் வாசிக்கிற நேரம் நின்றால் போதும், நாலைந்து விநாடி. எங்கள் அட்டையோ மரண அறிவித்தல் எழுதுகிறவரிடம் கொடுத்து எழுதுவித்தது. புங்குடுதீவைப் பிறப்பிடமாகவும் சுவிஸை வசிப்பிடமாகவும் கொண்ட இன்னாரின் சிரேஷ்ட புதல்வனும் என்று தொடங்குகிறது. பிறகு நயினாதீவைப் பிறப்பிடமாகவும் பிரான்ஸை வசிப்பிடமாகவும் கொண்ட இன்னாரின் கனிஷ்ட புதல்வியும். அதற்குப் பிறகு அமரர்கள். தகப்பன் வழி அமரர்கள் இடப்பக்கம், தாய் வழி அமரர்கள் வலப்பக்கம். பிறகு பேரன் பேர்த்தி முறையானவர்கள், பிறகு கனடா, பிறகு லண்டன், பிறகு கனடாவில் விடுபட்டவர்கள். எழுத்தெல்லாம் பொன் நிறம், பின்னால் பொன் நிறப் புகை. பொன்னில் பொன்னை எவன் வாசிக்கிறது? கைபேசியை நெட்டாகப் பிடித்தால் ஓரத்து அமரர்கள் திரைக்கு வெளியே. ஒரு சித்தப்பா பாதிப் பெயரோடு நிற்கிறார். அவர் கோபித்து, வீடியோக்காரன் அவருக்காக ஒரு புது அட்டை செய்து, அது இவ்வளவு நேரமும் காத்திருந்த இடியோடு வந்து இறங்குகிறது. டும். சித்தப்பா. பிறகு ஸ்டூடியோவின் சின்னம் சுழன்று சுழன்று வந்து நின்று, கீழே: கல்யாணம், சாமத்திய வீடு, அந்தியேட்டி யாவற்றுக்கும் நாடுங்கள்.

அந்தியேட்டிக்கும் ட்ரெய்லர் உண்டா என்று கேட்கப் பயமாக இருக்கிறது. சித்தப்பாவின் அட்டை தயாராகவே இருக்கிறது.

பெடியனைக் கூப்பிட்டு இறங்குதுறைக் காட்சியைப் பற்றிச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டான், நல்ல பிள்ளை.

"அங்கிள், அது முழு வீடியோவில இருக்குத்தானே."

"அதைத்தான் தம்பி ட்ரெய்லரில போடச் சொல்லுறன்."

"முழு வீடியோவை ஆர் அங்கிள் பாக்கினம்? எல்லாம் ட்ரெய்லரிலயே வந்திட்டுதெண்டு காசு தரேக்கயே சொல்லிப்போட்டினம்."